முதல் சந்திப்பு மூக்கால் நடக்கட்டும்

நாயும் பூனையும் புதிதாகச் சந்திக்கும்போது நம் வீடுகளில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு போய் நாயின் மூஞ்சிக்கு நேரே நீட்டி, "பாரு, இது நம்ம வீட்டுப் பிள்ளை, கடிக்கக் கூடாது" என்று அறிமுகம் செய்து வைப்பது. நானும் அப்படித்தான் செய்தேன். பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால், கிளியூருக்கு நாங்கள் குடிவந்த புதிதில், பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு மஞ்சள் குட்டியைக் கொடுத்தார்கள். அப்போதிருந்த நாய் ரொம்ப சாது என்று நினைத்து, குட்டியை அதன் மூக்கருகே கொண்டுபோனேன். குட்டி பயந்துபோய் என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழித்தது. என் கூச்சலைக் கேட்டு நாய் எகிறியது. குட்டி கையிலிருந்து தாவிக் காப்பிச் செடிகளுக்குள் ஓடியது. அன்று மாலை பனிமூட்டம். டார்ச் அடித்துத் தேடியும் கிடைக்கவில்லை, மறுநாளும் கிடைக்கவில்லை. நாய்மேல் ஒரு தப்பும் இல்லை, குட்டிமேலும் இல்லை.

அந்த நினைப்பு இருந்ததால்தான், போன ஐப்பசியில் அக்கா இங்கே வந்து தங்குவதாகச் சொன்னபோது எனக்குச் சந்தோஷத்தோடு கவலையும் வந்தது. அத்தான் போன பிறகு புதுச்சேரி வீட்டில் அக்கா தனியாக இருந்தாள். வயது எழுபத்தெட்டு. கூட இருந்தது மினு மட்டும், ஆறு வயதுப் பெண் பூனை. பிரெஞ்சில் பூனையைச் செல்லமாக 'மினு' என்பார்கள். நாங்கள் படித்த பள்ளிக்கூடத்து மிச்சம் இப்படி எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். "மினு வந்தாத்தான் நான் வருவேன் தம்பி. உன் நாய் அதை ஏதாவது பண்ணுச்சுன்னா அடுத்த பஸ்ஸுலயே திரும்பிடுவேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டாள்.

என் நாய் வீரன் நாட்டு நாய், நாலு வயது. இந்த மலையில் நாய் எதற்கு வளர்க்கிறோம்? குரங்கு விரட்டத்தான். பலாவும் ஆரஞ்சும் பழுக்கிற காலத்தில் வீரன் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை குரங்குகளைத் துரத்துவான். சின்னதாக, வேகமாக, மரம் ஏறி ஓடுகிற எதையும் துரத்தினால் 'சபாஷ்' கிடைக்கும் என்று நாலு வருஷமாகக் கற்றுக்கொண்டவன். அவன் கண்ணுக்கு மினு எப்படித் தெரிவாள் என்று யோசித்துப் பாருங்கள்.

இது வெறுப்போ ஜென்மப் பகையோ இல்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நாயைத் தூண்டுவது ஓட்டம். பூனை ஓடாமல் நின்றால் பாதி நாய்களுக்கு அடுத்து என்ன செய்வதென்றே தெரியாது. ஆனால் பயந்த பூனை ஓடத்தான் செய்யும். ஒரு தடவை துரத்திப் பார்த்துவிட்ட நாய்க்கு அந்த ருசி மறக்காது. ஒரு தடவை துரத்தப்பட்ட பூனைக்கு அந்த பயம் மறக்காது. அதனால் முதல் மூன்று வாரத்தில் நம் வேலை ஒன்றே ஒன்று: அந்த முதல் துரத்தல் நடக்கவே கூடாது. "ரெண்டு நாள் சண்டை போட்டு அப்புறம் தானா பழகிடும்" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. பழகிய வீடுகளைப் பற்றித்தான் நாம் கேள்விப்படுகிறோம். ஓடிப்போன குட்டியைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கூடைக்குள் கத்திக்கொண்டே கடந்து மினு வந்து சேர்ந்தாள். வழியிலேயே வாந்தி. வீரனைப் பின்பக்கம் கட்டிவிட்டு, கூடையை நேரே அக்காவின் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினோம். அந்த அறையில் முன்கூட்டியே எல்லாம் வைத்திருந்தேன்: ஒரு மூலையில் மணல் நிரப்பிய பிளாஸ்டிக் தொட்டி, எதிர்மூலையில் சாப்பாடும் தண்ணீரும், கவிழ்த்த அட்டைப் பெட்டி ஒன்று, பரணுக்கு ஏற ஒரு ஸ்டூல். பூனைக்கு ஒளிய ஓர் இடமும் உயரத்தில் ஓர் இடமும் இருந்தால் பாதிப் பயம் தீர்ந்தது. சாப்பாட்டையும் மணலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் பூனைக்குப் பிடிக்காது.

நாலு நாள் வீரன் அவளைப் பார்க்கவே இல்லை. கதவுக்கு அடியில் மூக்கை வைத்து உறிஞ்சுவான், அவ்வளவுதான். மினு முதல் நாள் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி சாப்பிட்டாள். மூன்றாம் நாள் உட்கார்ந்து தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொண்டாள். பூனை தன்னைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தால் மனசு அடங்கிவிட்டது என்று அர்த்தம். அதுவரை அடுத்த படிக்குப் போகக் கூடாது. ஒன்று மட்டும் கவனம்: பயத்தில் பூனை ஒரு முழு நாளைக்கு மேல் எதையுமே தொடவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். நாய் பட்டினி தாங்கும். பூனைக்குப் பட்டினி சில நாளிலேயே ஈரலைப் பாதித்துவிடும்.

ஐந்தாம் நாள் அறிமுகம் ஆரம்பமாயிற்று, அதுவும் வாசனையால் மட்டும். பூனையின் கன்னங்களில் வாசனைச் சுரப்பிகள் உண்டு. மேஜைக் காலிலும் நம் காலிலும் கன்னத்தைத் தேய்ப்பது அந்த வாசனையைப் பூசத்தான். அக்கா ஒரு பழைய துண்டால் மினுவின் கன்னத்தை மெல்லத் துடைத்துக் கொடுத்தாள். அந்தத் துண்டை வீரனின் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் விரித்தேன். வீரன் படுக்கிற சாக்கில் ஒரு துண்டு வெட்டி மினுவின் தட்டருகே வைத்தோம். அடுத்தவரின் வாசனை வந்தால் சோறும் வரும் என்று இரண்டு மூக்குகளுக்கும் தெரிய வேண்டும். முதல் தடவை வீரன் அந்தத் துண்டை இரண்டு நிமிஷம் முகர்ந்தான், உடம்பு விறைத்திருந்தது, கூப்பிட்டால் திரும்பவில்லை. மூன்றாம் தடவை ஒரு மோப்பம் பிடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். எனக்கு வேண்டியது அந்த அலட்சியம்தான்.

அதே நாட்களில் சாத்திய கதவின் இரண்டு பக்கமும் சாப்பாடு வைத்தோம். முதலில் கதவிலிருந்து எட்டடி தள்ளி, தினம் ஓரடி நெருக்கி. மினு சாப்பிடாமல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றால் மறுநாள் இரண்டடி பின்னால். காலையில் நான் வீரனை நடத்திக் கூட்டிப்போகிற நேரத்தில் அக்கா மினுவை வீட்டுக்குள் திறந்துவிடுவாள். அவள் கூடம், அடுப்படி, வராந்தா எல்லாம் சுற்றி, எங்கே ஏறலாம், எந்தச் சந்தில் நுழையலாம் என்று தானே மனசில் வரைபடம் போட்டுக்கொண்டாள். நாயை முதன்முதலாகப் பார்க்கும்போது ஓட வழி தெரிந்திருக்கிற பூனை பதற்றப்படாது.

பிறகுதான் கண்ணால் பார்ப்பது. அதற்கு ஆசாரியிடம் சொல்லி அறை வாசலுக்குக் கம்பி வலை அடித்த ஒரு சட்டம் செய்தேன், மார்பளவு உயரம். என் வயதுக்காரர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்காதீர்கள். நாட்டு நாய் ஒரு இழு இழுத்தால் நாம் குப்புற விழுவோம். பூனையைக் காப்பாற்றப் போய் இடுப்பெலும்பு போய்விடும். கயிற்றின் நுனியை ஜன்னல் கம்பியிலோ தூணிலோ கட்டிவிட்டு, நாயின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். இரும்புச் சங்கிலியும் வேண்டாம், அந்தச் சத்தமே பூனையைக் கலைக்கும். துணிப்பட்டைக் கயிறு போதும்.

ஒரு மணி நேரம் நடந்து களைத்த வீரனைக் கூடத்தின் அந்தக் கோடியில் கட்டினேன், வலையிலிருந்து பதினைந்தடி. என் சட்டைப் பையில் வேகவைத்த கோழித் துணுக்குகள், உப்பு போடாமல், சுண்டல் கடலை அளவு. மினு வலைக்குப் பின்னால் ஸ்டூலின்மேல் வந்து உட்கார்ந்தாள். வீரன் அவளைப் பார்த்தான். நான் மெதுவாக "வீரா" என்றேன். திரும்பினான். ஒரு துணுக்கு. மறுபடி பார்த்தான், திரும்பினான், ஒரு துணுக்கு. ஐந்து நிமிஷத்தில் முடித்துக்கொண்டு அவனை வெளியே கூட்டிப்போய்விட்டேன். 'நன்றாகத்தானே போகிறது, இன்னும் கொஞ்ச நேரம்' என்ற ஆசைதான் காரியத்தைக் கெடுக்கும். காலையில் ஐந்து நிமிஷம், மாலையில் ஐந்து நிமிஷம். பூனையைப் பார்த்தாலே எஜமான் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நாய்க்குப் பழக்கமாகும்வரை இதையே செய்ய வேண்டும்.

இந்தக் கட்டத்தில் நாயின் உடம்பைப் படிக்கத் தெரிய வேண்டும். குரைக்கிற நாயைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்குப் பயம் குரைக்காத நாயிடம்தான். வாய் மூடி, காது முன்னால் குவிந்து, உடம்பு மரக்கட்டை மாதிரி விறைத்து, கண் சிமிட்டாமல் பார்க்கிறது. பெயர் சொன்னால் காதில் விழவில்லை. கோழித்துண்டை மூக்கில் வைத்தால்கூட எடுக்கவில்லை. அது வேட்டைப் பார்வை. உடனே தூரத்தைக் கூட்டுங்கள், அல்லது அன்றைக்கு முடித்துவிடுங்கள். மாறாக, முன்கால்களை நீட்டிப் பின்புறத்தைத் தூக்கி ஒரு குரைப்புக் குரைத்தால் அது விளையாட அழைப்பு. கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் பூனைக்கு அது புரியாது.

புரியாமல் போவதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம். நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் சிநேகம். பூனை வாலை இப்படியும் அப்படியும் விசிறினால் 'கிட்டே வராதே' என்று எச்சரிக்கை. நாய் மல்லாந்து படுத்தால் பணிவு. நாயின் முன்னால் பயந்த பூனை மல்லாந்தால் நாலு கால் நகத்தையும் தயாராக வைத்திருக்கிறது என்று பொருள். பூனையின் சிநேக வால் நேரே மேலே நிமிர்ந்திருக்கும். இரண்டு பேர் இரண்டு பாஷை பேசுகிறார்கள். நானும் அக்காவும் பள்ளிக்கூடத்தில் முதல் வருஷம் பிரெஞ்சு தெரியாமல் முழித்தது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கற்றுக்கொள்கிறார்கள். இஸ்ரேலில் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தார் நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீடுகளைக் கவனித்து 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே வீட்டில் இருக்கும் நாயும் பூனையும் பெரும்பாலும் அடுத்தவரின் சைகையைச் சரியாகவே புரிந்துகொள்கின்றன என்று அதில் கண்டார்கள். பூனை ஆறு மாதத்துக்குள்ளும் நாய் ஒரு வயதுக்குள்ளும் சேர்ந்தால் சுலபம். நாயைவிடப் பூனை முதலில் வீட்டுக்கு வந்திருந்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னார்கள். எங்கள் வீட்டில் எல்லாமே தலைகீழ். நாய் முதலில் வந்தது, நாலு வயது, பூனைக்கு ஆறு. அதனால்தான் நான் அவசரப்படவில்லை.

அக்காவுக்கும் எனக்கும் ஒரே ஒரு தடவை தகராறு வந்தது. மினு வலைக்குப் பின்னாலிருந்து வீரனைப் பார்த்து 'ஸ்ஸ்' என்று சீறியதும், "ச்சீ, அப்படிச் செய்யாதே" என்று அக்கா அதன் தலையில் தட்டினாள். நான் கொஞ்சம் குரல் உயர்த்திவிட்டேன். சீறல் என்பது பூனை மரியாதையாகச் சொல்கிற 'வேண்டாம்'. அதை அடித்து அடக்கினால் அடுத்த தடவை சொல்லாமல் நேரே நகத்தைக் காட்டும். நாய் உறுமுவதும் அப்படித்தான். அன்றைக்கு அக்கா என்னோடு பேசவில்லை. சாயங்காலம் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சரி, நான் தட்டலை. நீயும் என்கிட்ட கத்தாதே" என்றாள்.

இருபத்திரண்டாம் நாள் வலையை எடுத்தோம். வீரன் கயிற்றோடு, கயிறு தூணோடு. மினு எங்கே வேண்டுமானாலும் போகலாம், வராமலும் இருக்கலாம். யாரும் அவளைத் தூக்கவில்லை. தூக்கப்பட்ட பூனைக்கு ஓட வழியில்லை, அதனால்தான் நம் கையைக் கிழிக்கிறது. கால் மணி நேரம் கழித்து அவள் சுவரோரமாக வந்து, பத்தடி தூரத்தில் நின்று, பெஞ்சின்மேல் தாவி ஏறினாள். வீரன் எழுந்தான். கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்து, துணுக்கை வாங்கிக்கொண்டு படுத்துவிட்டான். அக்கா அதுவரை பிடித்திருந்த மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

அதன்பிறகு ஒரு மாதம் வீட்டுக்குள் வீரனின் கழுத்தில் கயிறு தரையில் இழுபட்டுக்கொண்டே இருந்தது. அவசரம் என்றால் அதை மிதித்தால் போதும், குனிய வேண்டாம். ஆனால் அந்தக் கயிறு நம் காலிலும் மாட்டும்; நடமாட்டமுள்ள நேரத்தில் சுருட்டிவிடுங்கள். ஒரு தடவை தவறும் நடந்தது. அடுப்படியில் தட்டு விழுந்த சத்தத்தில் மினு ஓட, வீரன் பாய, நான் கயிற்றை மிதித்தேன். நல்லவேளை. மறுநாள் பத்தடியிலிருந்து மறுபடி பதினைந்தடிக்குப் போய் மூன்று நாள் வலையோடு தொடங்கினோம். பின்னுக்குப் போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் இரண்டு பேருக்கும் ஒரே சோறு போடுவது. பூனைக்கு அது போதாது. டாரின் என்ற சத்து இல்லாமல் பூனையின் கண்ணும் இதயமும் கெடும். அது இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது, தயிர்ச்சாதத்தில் இல்லை. நாய்க்கென்று விற்கிற தீனியும் பூனைக்குச் சரிப்படாது. ஆகவே மினுவின் தட்டு ஜன்னல் திட்டில், வீரனுக்கு எட்டாத உயரத்தில். மணல் தொட்டியையும் நாய் அண்ட விடாதீர்கள். பூனையின் கழிவை நாய்கள் விருப்பமாகத் தின்னும், அதில் பூச்சி வரும். தொட்டிக்குள் இருக்கும்போது நாய் வந்து நின்றால் பூனை அந்தத் தொட்டியையே வெறுத்து வேறு மூலையைத் தேடும். அறைக் கதவைப் பூனை நுழைகிற அளவு மட்டும் திறந்து கொக்கி போட்டுவிட்டோம். தீர்ந்தது.

தடுப்பூசியை ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வெறிநாய்க்கடி நோய் பூனைக்கும் வரும், பூனை மூலம் நமக்கும் வரும். இரண்டுக்கும் ஊசி போட்டு, ஆண்டுதோறும் மருத்துவர் சொல்கிற தேதியில் புதுப்பித்த பிறகே இந்த வேலையில் இறங்குங்கள். இடையில் கடியோ கீறலோ பட்டால், மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். என் கை கிழிந்தபோது நான் வைத்தது காப்பித்தூள்தான். அது முட்டாள்தனம்.

எல்லா வீட்டிலும் இது நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாட்டு இனங்கள் முயலையும் பன்றியையும் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. அவற்றில் சில பூனையோடு நன்றாக வாழ்கின்றன, ஆனால் பந்தயம் கட்ட மாட்டேன். ஏற்கெனவே ஒரு பூனையைக் கொன்ற நாய் என்றால் முயற்சியே வேண்டாம். இரண்டு மாதமாகியும் நாய் அந்த வேட்டைப் பார்வையை விடவில்லை, அல்லது பூனை அறையை விட்டு வராமல் இளைக்கிறது என்றால், கதவு போட்டு முறை வைத்து வாழ வைப்பதுதான் நியாயம்: காலையில் ஒருவருக்குக் கூடம், மாலையில் மற்றவருக்கு. சமாதானம் என்பதற்கு நான் வைத்திருக்கிற அளவும் சின்னதுதான். ஒட்டிப் படுத்துத் தூங்க வேண்டும் என்று படங்களில் பார்த்துவிட்டு எதிர்பார்க்கக் கூடாது. ஒருவர் கடந்து போகும்போது மற்றவர் தலை தூக்காமல் இருந்தால் எனக்குப் போதும்.

இன்னொன்றும் கவனித்தேன். வீட்டுக்குள் மினுவைக் கண்டுகொள்ளாத வீரன், தோட்டத்தில் அவள் ஓடினால் இன்றும் இரண்டடி எடுத்து வைக்கிறான். அங்கே அவனுக்கு அவள் மினு இல்லை, குரங்கு. அதனால் மினுவுக்கு வராந்தாவோடு எல்லை.

இப்போது தை பிறந்துவிட்டது, ராத்திரியில் குளிர் எலும்பைத் துளைக்கிறது. அடுப்படியில் விறகடுப்பின் பக்கத்துத் திண்டில் மினு, கீழே சாக்கில் வீரன். நடுவில் நாலடி. அக்கா பஸ் பேச்சையே எடுப்பதில்லை. ஆனாலும் நாங்கள் இருவரும் மருந்து வாங்க ஏற்காட்டுக்குப் போகிற நாளில் மினுவை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் செருப்பை மாட்டுகிறோம். "இன்னுமா நம்ப மாட்டேங்கிறே?" என்று அக்கா கேட்கிறாள். வருஷம் ஒன்று ஆகட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறேன்.